கிணற்றுக் கணக்கில் இரண்டு 4.2

கேள்வி: ஐயா, மேலூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மாலை நேரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பகலில் நான் வேலைக்குப் போய்விடுவதால், புரியாத வாக்கியக் கணக்குகளைப் போனில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். கொடுக்கப்பட்டவை, காண வேண்டியவை என்று பட்டியல் எழுதிய பிறகே தீர்க்கத் தொடங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் பட்டியலே தவறாக வருகிறது. சில நேரம் நான் எழுதும் பட்டியலும் தவறாகிவிடுகிறது. இதற்கு ஒழுங்கான முறை ஏதாவது உண்டா?

தம்பி, ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். இது நான் எழுதிய கணக்கு. ஆனால் பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்தில் நீங்கள் பார்த்துப் பழகிய வகைதான்.

பயிற்சியின் தலைப்பில் "π = 22/7 எனக் கொள்க" என்று இருக்கிறது. அதன் கீழே ஆறாவது கணக்கு இது: "6. 4.2 மீ விட்டமும் 10 மீ ஆழமும் உடைய ஒரு வட்டக் கிணறு வெட்டப்படுகிறது. வெட்டியெடுத்த மண் முழுவதும் கிணற்றைச் சுற்றி 4.2 மீ அகலமுள்ள வட்ட வளைய மேடையாகச் சீராகப் பரப்பப்படுகிறது எனில், மேடையின் உயரத்தையும், மேடையின் மேல்தளத்தில் சிமெண்டு பூச ச.மீ-க்கு ₹250 வீதம் ஆகும் செலவையும் காண்க."

திருமங்கலத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வரும் இரண்டு பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தேன். இருவரும் மேடையின் உயரம் 3.33 மீ என்று எழுதினார்கள். சரியான விடை 1.25 மீ. இருவருக்கும் ஒரே தவறான விடை வந்ததால், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நோட்டை வாங்கிப் பார்த்தபோது தெரிந்தது, இருவரும் வேறு வேறு தவறு செய்திருக்கிறார்கள். ஒருத்தி 4.2 மீ விட்டத்தை ஆரமாக எடுத்துக்கொண்டாள். அப்போது உள் ஆரம் 4.2, வெளி ஆரம் 8.4 ஆகிறது. மற்றவன் ஆரத்தைச் சரியாக 2.1 என்று எடுத்தான். ஆனால் மேடையின் அகலமான 4.2 மீட்டரை வெளி ஆரம் என்று வைத்துக்கொண்டான். இரண்டு வழியிலும் வெளி ஆரம் உள் ஆரத்தைப் போல இரண்டு மடங்காக நிற்கிறது. இரண்டிலும் 10-ஐ 3-ஆல் வகுத்தால் வருவதுதான் விடை.

இந்தக் கதையை நான் முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. விடையை மட்டும் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று நமக்குத் தெரியாது. ஒருத்திக்கு விட்டம், ஆரம் என்ற சொற்களில் கவனம் வேண்டும். மற்றவனுக்கு அந்த அளவு யாருடையது என்பதில் தெளிவு வேண்டும். பட்டியல் இருந்தால் இரண்டு தவறுகளும் தனித்தனி வரிகளில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இனி முறைக்கு வருவோம். நீங்கள் ஒரே வேலை என்று நினைப்பது உண்மையில் இரண்டு வேலை. படத்தில் இருப்பதைத் தாளுக்குக் கொண்டுவருவது கண்ணின் வேலை. தாளில் இருப்பதைப் பட்டியலாக்குவது புரிதலின் வேலை. படத்தைப் பார்த்தபடியே நேராகப் பட்டியல் எழுதினால் இரண்டும் கலந்துவிடும். தவறு வந்தால் கண் பிசகியதா, புரிதல் பிசகியதா என்று பிரிக்க முடியாது. ஆகவே முதலில் கணக்கை ஒரு சொல் விடாமல், நிறுத்தக்குறி உட்பட, அப்படியே தாளில் படியெடுக்கச் சொல்லுங்கள். நான்கைந்து வரிதான். இரண்டு நிமிடம் ஆகும். இந்த இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்தப் பார்க்கிற பிள்ளைதான் பிறகு அரை மணி நேரம் தவறான கணக்கோடு மல்லுக்கட்டுகிறது.

படியெடுக்கும்போது எங்கே பிசகும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் அந்த இடங்களில் மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். என் அனுபவத்தில் அதிகம் ஏமாற்றுவது தசமப் புள்ளி. மங்கலான படத்தில் 4.2 என்பது 42 ஆகிவிடும். வரிசை எண்ணும் தொல்லை தரும். நம் கணக்கில் "6. 4.2 மீ" என்று தொடங்குவதைப் பாருங்கள். புத்தகத்தின் நடுத் தையலை ஒட்டிய பக்கம் வளைந்து, இடையிலுள்ள வெளி சுருங்கினால் அதை 64.2 என்று படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? முக்கோணவியல் பாடமானால் பாகைக் குறி பூச்சியமாகிவிடும்; 30° ஏற்றக்கோணம் 300 என்று வந்து நிற்கும். கலப்புப் பின்னம் வேறொரு கண்ணி. இரண்டரையைக் குறிக்கும் 2½-இல் இடைவெளி மறைந்தால் 21/2, அதாவது பத்தரை என்று படித்துவிடுவார்கள். ரூபாய்க் குறியையும் கவனியுங்கள். ₹250 என்பதை மங்கலான படத்தில் 7250 என்று எழுதி அனுப்பிய பிள்ளை உண்டு.

இவையெல்லாம் எந்த மொழிப் புத்தகத்திலும் வரக்கூடியவை. தமிழ்வழிப் புத்தகத்துக்கே உரிய கண்ணி ஒன்று இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. "ச.மீ" என்றால் சதுர மீட்டர். "செ.மீ" என்றால் சென்டிமீட்டர். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு கொம்பு. அந்தக் கொம்பு நிழலில் மறைந்தாலோ, படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டாலோ நீளம் பரப்பாகிவிடும். அதேபோல "மி" என்பதும் "மீ" என்பதும் மேலே உள்ள சின்னச் சுழியில்தான் வேறுபடுகின்றன. மி.மீ, மி.லி, மீ எல்லாம் கலந்து வரும் கணக்கில் அந்தச் சுழி தெரியாவிட்டால் அலகையே ஊகிக்க வேண்டியிருக்கும். ஊகித்த அலகைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. தெரியாத இடத்தில் ஒரு வட்டம் போட்டு வெற்றாக விடச் சொல்லுங்கள். வட்டம் உள்ள தாள், ஊகித்து நிரப்பிய தாளைவிடப் பல மடங்கு பயனுள்ளது.

படம் எடுப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தைத் தட்டையாக அமுக்கிப் பிடித்து, போனை நேர் மேலே வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், பளிச்சென்று அடிக்கும் பிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கித் தெளிவு குறையும். ஆவணமாக அனுப்பினால் குறையாது. இவற்றைவிட முக்கியம், கணக்கை மட்டும் வெட்டி அனுப்பக் கூடாது என்பது. பயிற்சியின் தலைப்பு வரியும், பக்கத்தில் உள்ள உருவப்படமும், அடுத்த பக்கத்துக்குப் போன கடைசி வரியும் கணக்கின் பகுதிகள்தான். நம் கணக்கில் π = 22/7 என்பது தலைப்பில் இருக்கிறது. செலவு கேட்பது கடைசி வரியில் இருக்கிறது. நடுப்பகுதியை மட்டும் எடுத்த பிள்ளைக்கு இந்த இரண்டும் கிடைக்காது. தான் எதை விட்டோம் என்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

இப்போது தாளில் கணக்கு இருக்கிறது. பட்டியலை எங்கே தொடங்குவது? கடைசியில் தொடங்குங்கள். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. "காண்க", "எத்தனை", "எவ்வளவு" எல்லாம் முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் நிற்கும். "எனில்" என்ற சொல்லில் ஒரு கோடு போடுங்கள். பெரும்பாலான கணக்குகளில் அதற்கு முன்னால் இருப்பது கொடுக்கப்பட்டவை, பின்னால் இருப்பது காண வேண்டியவை. நம் கணக்கில் "எனில்" தாண்டியதும் "உயரத்தையும்", "செலவையும்" என்று இரண்டு "உம்" வருகின்றன. ஆகவே காண வேண்டியவை இரண்டு. பிள்ளைகள் முதல் "உம்" வந்ததும் நின்றுவிடுவார்கள். உயரத்தைக் கண்டுபிடித்துக் கோடு போட்டு மூடிவிடுவார்கள். தேர்வில் மதிப்பெண் போவது இங்கேதான். கணக்குத் தெரியாமல் போவதில்லை.

"எனில்" போட்ட கோட்டை முழுவதும் நம்பிவிடவும் வேண்டாம். "ச.மீ-க்கு ₹250 வீதம்" என்பது கொடுக்கப்பட்ட அளவு. ஆனால் அது கோட்டுக்குப் பின்னால், கேள்விக்குள் உட்கார்ந்திருக்கிறது. விலை, வீதம், நேரம் போன்றவை இப்படி இடம் மாறி வருவது வழக்கம். கோடு நமக்கு வழி காட்டும், அவ்வளவுதான். வாக்கியத்தின் இரண்டு பக்கமும் எண்களைத் தேடித்தான் ஆக வேண்டும்.

அடுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் உரியவர் யார் என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்விக்காகத்தான் பட்டியல் போடுவதே. தமிழில் எண் முன்னால் வரும், அதற்கு உரிய பொருள் பின்னால் வரும். "4.2 மீ விட்டமும் 10 மீ ஆழமும் உடைய ஒரு வட்டக் கிணறு" என்று படிக்கும்போது, கண் முதலில் 4.2-ஐப் பிடித்துக்கொள்கிறது. அது கிணற்றினுடையது என்பது ஏழெட்டுச் சொற்கள் தாண்டித்தான் தெரியவருகிறது. அதற்குள் பிள்ளையின் கை 4.2-ஐ எழுதிவிட்டிருக்கும். ஆகவே எண்ணைப் பார்த்ததும் எழுதாமல், "உடைய", "உள்ள", "கொண்ட" என்ற சொல் வரும் வரை படித்து, அதற்கு அடுத்து நிற்கும் பெயரை முதலில் எழுத வேண்டும். பொருளின் பெயர் முதலில், அளவின் பெயர் அடுத்து, எண்ணும் அலகும் கடைசியில். புத்தகத்தில் இருக்கும் வரிசைக்கு இது நேர் எதிர். அப்படித் திருப்பி எழுதுவதாலேயே பிள்ளை வாக்கியத்தைப் புரிந்துகொண்டாக வேண்டியிருக்கிறது.

நம் கணக்கின் பட்டியல் இப்படி வரும்.

காண வேண்டியவை
மேடை – உயரம் – ? மீ
மேடையின் மேல்தளம் – சிமெண்டு பூசும் செலவு – ? ரூபாய்

கொடுக்கப்பட்டவை
கிணறு – விட்டம் – 4.2 மீ
கிணறு – ஆழம் – 10 மீ
மேடை – அகலம் – 4.2 மீ
சிமெண்டுப் பூச்சு – வீதம் – ஒரு சதுர மீட்டருக்கு 250 ரூபாய்
π – 22/7 (தலைப்பிலிருந்து)

சொல்லில் ஒளிந்திருப்பவை
"மண் முழுவதும்": மேடையின் கன அளவு = கிணற்றின் கன அளவு
"கிணற்றைச் சுற்றி": மேடையின் உள் விளிம்பு = கிணற்றின் விளிம்பு
"சீராக": மேடையின் உயரம் எல்லா இடத்திலும் ஒன்றே

இதில் 4.2 இரண்டு முறை வருவதைப் பாருங்கள். ஒரே எண் இரண்டு முறை வந்தால், "இதைத்தான் ஏற்கெனவே எழுதிவிட்டோமே" என்று பிள்ளைகள் ஒன்றை விட்டுவிடுவார்கள். உரியவரின் பெயர் முதலில் இருக்கும்போது அந்தத் தவறு நேராது. கிணற்றின் 4.2 வேறு, மேடையின் 4.2 வேறு.

பட்டியலில் ஆரம் 2.1 மீ இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். இதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், இதில் நான் பிடிவாதக்காரன். புத்தகம் விட்டத்தைக் கொடுத்தால் பட்டியலில் விட்டம்தான் இருக்க வேண்டும். மனத்துக்குள் பாதியாக்கி 2.1 என்று எழுதினால், பிறகு அதைப் பார்க்கும் நீங்கள் அது புத்தகத்தில் இருந்த எண்ணா, பிள்ளை கணக்கிட்ட எண்ணா என்று அறிய முடியாது. அடுத்த படியில் பிள்ளையே மறந்துபோய் அதை இன்னொரு முறை பாதியாக்கி 1.05 என்று போட்டதையும் பார்த்திருக்கிறேன். அலகு மாற்றமும் அப்படித்தான். புத்தகம் 35 மி.மீ என்று சொன்னால் பட்டியலில் 35 மி.மீ. அதை 3.5 செ.மீ ஆக்குவது தீர்வின் முதல் வரி. பட்டியலில் எந்த ஒரு கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலும் நடக்கக் கூடாது. நடந்திருந்தால் அங்கே தீர்வு தொடங்கிவிட்டது என்று பொருள்.

"சொல்லில் ஒளிந்திருப்பவை" என்ற மூன்றாவது பகுதியைப் பலர் எழுதுவதில்லை. எண் இல்லாததால் அது அளவு இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த மூன்று வரி இல்லாமல் இந்தக் கணக்கைத் தீர்க்கவே முடியாது. உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நல்ல வழி, ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்து, "இந்தச் சொல் இல்லாவிட்டால் கணக்கு மாறுமா?" என்று கேட்பது. "முழுவதும்" என்பதை எடுத்துவிட்டால் பாதி மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். "சுற்றி" என்பதை எடுத்துவிட்டால் மேடை எங்கோ வயலின் மூலையில் இருக்கலாம். "உருக்கி", "வார்த்து", "முழுமையாக மூழ்கியது", "விளிம்பு வரை நிரம்பியது" ஆகியவையும் இந்த வகைச் சொற்கள்தான். கிணறு வெட்டியவர்கள் இருக்கும் வீட்டுப் பிள்ளை, "தோண்டிய மண் பொலபொலவென்று கூடுதல் இடத்தை அடைக்குமே, எப்படி இரண்டும் சமமாகும்?" என்று கேட்கக்கூடும். அந்தக் கேள்வி மிகச் சரியானது. உண்மையில் வெட்டியெடுத்த மண் தளர்ந்து பெருகும். கணக்கு அதைப் பொருட்படுத்தவில்லை, சமம் என்றே வைத்துக்கொள்கிறது என்று பட்டியலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்ட பிள்ளையைப் பாராட்டுங்கள்.

பட்டியல் முடிந்ததும் இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது எண்ணிப் பார்ப்பது. படியெடுத்த தாளில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் வட்டமிடுங்கள். நம் கணக்கில் தலைப்பில் ஒன்று, கணக்கில் ஐந்து, ஆக ஆறு வட்டம் வரும்: 22/7, 6, 4.2, 10, 4.2, 250. பட்டியலில் ஐந்து இருக்கிறது. மிச்சமான 6 எங்கே? அது வரிசை எண், அடித்துவிடலாம். இப்படி ஒவ்வொரு வட்டமும் பட்டியலுக்குப் போக வேண்டும், அல்லது காரணம் சொல்லி அடிக்கப்பட வேண்டும். அடைப்புக்குள் வரும் மதிப்பெண், "2019-ஆம் ஆண்டில்" என்பது போன்ற ஆண்டு ஆகியவை அடிபடும். எழுத்தால் எழுதிய எண்களையும் சேர்த்து வட்டமிடுவது மிக முக்கியம். "இரு மடங்கு", "மூன்றில் ஒரு பங்கு", "முக்கால்", "ஒரு டஜன்", "அரைக்கோளம்" ஆகியவற்றில் எண் இருக்கிறது, இலக்கம் இல்லை. இலக்கத்தை மட்டும் தேடும் கண் இவற்றைத் தாண்டிப் போய்விடும்.

இரண்டாவது சோதனை, அளவு நடைமுறைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது. 4.2 மீ விட்டமுள்ள கிணற்றை நம் ஊரில் யாரும் கற்பனை செய்துகொள்ளலாம். தசமப் புள்ளி மறைந்து 42 மீ என்று வந்திருந்தால்? அது கிணறாக இருக்காது, ஊருணியாகத்தான் இருக்கும். 64.2 மீ என்று படித்திருந்தால் இன்னும் மோசம். ₹7250 என்று வந்திருந்தால், ஒரு சதுர மீட்டர் பூச அவ்வளவா என்று வீட்டில் கொத்தனார் வேலை பார்ப்பவர்கள் உள்ள பிள்ளைகள் உடனே கேட்டுவிடுவார்கள். ஆனால் இந்தச் சோதனை எல்லாத் தவறுகளையும் பிடிக்காது. 4.2 மீ விட்டம், 4.2 மீ ஆரம் இரண்டுமே நம்பக்கூடிய கிணறுகள்தான். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை உரியவரின் பெயரும் அளவின் பெயரும்தான் காட்டும், அளவின் பெருமை சிறுமை காட்டாது.

பட்டியல் சரியென்று உறுதியான பிறகு தீர்வு எவ்வளவு அமைதியாகப் போகிறது என்று பாருங்கள். ஆரம் 2.1. வெளி ஆரம் 2.1 + 4.2 = 6.3. கிணற்றின் கன அளவு π × 2.1² × 10 = 44.1π. வளையத்தின் பரப்பு π × (6.3² − 2.1²) = 35.28π. ஒன்றை மற்றதால் வகுத்தால் மேடையின் உயரம் 1.25 மீ. π இரண்டிலும் அடிபட்டுப்போகிறது. "கொடுத்ததைப் பயன்படுத்தவில்லையே, தவறாகிவிட்டதோ" என்று ஒரு பிள்ளை இங்கே தயங்கும். பட்டியலில் காண வேண்டியவை இரண்டு என்று எழுதியிருப்பதால் தயங்க வேண்டியதில்லை. இரண்டாவதற்கு π வேண்டும். 35.28 × 22/7 = 110.88 ச.மீ. அதை 250-ஆல் பெருக்கினால் செலவு 27,720 ரூபாய். கொடுக்கப்பட்ட ஓர் எண் பயன்படாமல் மிஞ்சினால் பட்டியலின் மேற்பகுதிக்குப் போய், காண வேண்டிய ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். நம் கணக்கில் கடைசி வரி வெட்டுப்பட்டிருந்தால், மிஞ்சி நிற்கும் 22/7 சந்தேகத்தைக் கிளப்பும் அடையாளமாக இருந்திருக்கும். பயிற்சி முழுவதற்கும் பொதுவாகத் தலைப்பில் கொடுத்தது என்பதால் அது உறுதியான சான்று ஆகாது, படத்தை மறுபடி பார்க்கத் தூண்டும், அவ்வளவே.

இந்தப் பட்டியல் எல்லா வகைக் கணக்குக்கும் அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வயதுக் கணக்கில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் எண் இல்லை, உறவு. "5 ஆண்டுகளுக்கு முன் தந்தையின் வயது மகனின் வயதைப் போல் ஏழு மடங்கு" என்பதை "தந்தை – 7" என்று எழுதினால் எல்லாம் கெட்டது. அங்கே ஒவ்வொரு வரியின் முன்னாலும் காலத்தை எழுத வேண்டும்: "5 ஆண்டுக்கு முன் – தந்தை வயது = 7 × மகன் வயது". ஏற்றக்கோணம், இறக்கக்கோணக் கணக்குகளில் வரிப்பட்டியலோடு ஓர் உருவப்படமும் வேண்டும். கோணம் எந்தப் புள்ளியிலிருந்து, எதைப் பார்த்து அளக்கப்பட்டது என்ற இரண்டையும் வரியில் எழுதுவதைவிட வரைவது எளிது. அங்கே "முறையே" என்ற சொல்லைப் பார்த்தால் உடனே பென்சிலை எடுக்கச் சொல்லுங்கள். "இறக்கக்கோணங்கள் முறையே 30° மற்றும் 60°" என்றால், முன்னால் சொன்ன இரண்டு பொருள்களின் வரிசைதான் இந்த எண்களின் வரிசை. ஒவ்வொன்றையும் அதன் ஆளோடு கோடு போட்டு இணைத்துவிட்டுத்தான் பட்டியலுக்குப் போக வேண்டும்.

கடைசியாக, உங்கள் பட்டியலும் தவறாகிவிடுகிறது என்றீர்களே, அதற்கு வருகிறேன். எனக்கும் அதுதான் நடக்கிறது, காரணமும் தெரியும். நாம் இந்த வகைக் கணக்கை நூறு முறை பார்த்துவிட்டோம். கிணறு, மண், மேடை என்று மூன்று சொல் கண்ணில் பட்டதும் மீதியை நினைவிலிருந்து நிரப்பிவிடுகிறோம். போன வாரக் கணக்கில் செவ்வக மேடை இருந்தால், இந்த வார வளைய மேடையையும் செவ்வகமாகப் படித்துவிடுகிறோம். பிள்ளைக்குப் பழக்கம் குறைவு என்பதால் அதன் கண் நம்மைவிட நேர்மையானது.

ஆகவே நான் இப்போது படத்தோடு ஒரு குரல் பதிவும் கேட்கிறேன். பிள்ளை தன் கையில் இருக்கும் புத்தகத்தைப் பார்த்து, தலைப்பு வரி முதல் கடைசிச் சொல் வரை, நிதானமாக வாசித்து அனுப்ப வேண்டும். புத்தகத்தில் ச.மீ என்று இருந்தால் "சதுர மீட்டர்" என்று வாயால் சொல்லியாக வேண்டும், கொம்பு மறைந்த குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. "நான்கு புள்ளி இரண்டு" என்று சொல்லும்போது தசமப் புள்ளி தொலைவதில்லை. நான் படத்தைத் திறக்காமல், குரலைக் கேட்டு மட்டும் என் பட்டியலை எழுதுகிறேன். பிறகு படத்தைத் திறந்து ஒப்பிடுகிறேன். இரண்டும் மாறுபடும் இடத்தில் பிள்ளையிடம் கேட்பது ஒரே கேள்வி: "இரண்டாவது வரியில் 4.2-க்கு அடுத்து இருக்கும் சொல் என்ன, பார்த்துச் சொல்." நாளை மாலை வகுப்புக்கு வரும் முன் உங்கள் பிள்ளைகளில் ஒருவரிடம் இந்தக் கிணற்றுக் கணக்கை வாசித்துப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு இரண்டு 4.2-உம் தனித்தனியாக வந்தனவா என்று எனக்கு எழுதுங்கள்.